வெளிநாட்டிலிருந்து வரும் மாணவிக்கு ஹோஸ்ட் குடும்பத்தின் வரவேற்புக் கடிதம்: எழுதுவது எப்படி? (முழு மாதிரியுடன்)

உங்கள் வீட்டுக்கு எக்ஸ்சேஞ்ச் மாணவி ஒருத்தி வருவது உறுதியானதும், "ஒரு வெல்கம் லெட்டர் அனுப்பிடுங்க" என்பார்கள். அதில் என்ன எழுதுவது என்று யாரும் சொல்வதில்லை. அதனால் போகிற கடிதங்களில் பாதி ஒரே அச்சு: எங்கள் பண்பாடு தொன்மையானது, மீனாட்சி அம்மன் கோவில் உலகப் புகழ் பெற்றது, நீ எங்கள் சொந்த மகள் போல. படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பதினாறு வயதுப் பெண் பத்து மாதத்துக்குத் துணி அடுக்கும்போது தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. தனி அறையா, குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, அந்தப் பாட்டியை என்ன சொல்லிக் கூப்பிடுவது, பசித்தால் ஃபிரிட்ஜைத் திறக்கலாமா?

ரோட்டரியின் இளைஞர் பரிமாற்றத் திட்டத்தில் 'முதல் இரவுக் கேள்விகள்' என்றொரு பட்டியல் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. பிள்ளை வந்திறங்கிய முதல் இரவோ மறுநாளோ ஹோஸ்ட் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டியவை அவை: உங்களை எப்படிக் கூப்பிடட்டும், அழுக்குத் துணியை எங்கே போடட்டும், காலையில் யார் எப்போது குளிப்பீர்கள், என்ன வேலையில் நான் கை கொடுக்க வேண்டும். இவ்வளவு சின்ன விஷயங்களுக்குப் பட்டியல் போடக் காரணம், வெட்கப்பட்டு யாரும் இவற்றைக் கேட்பதே இல்லை என்பதுதான். நல்ல வரவேற்புக் கடிதம் என்றால் அந்தக் கேள்விகளில் பாதிக்கு, அவள் கேட்காமலே, ஊரில் இருக்கும்போதே பதில் சொல்லிவிடும் கடிதம் என்பது என் கருத்து.

விளக்கத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மதுரை. அப்பா, அம்மா, பத்தாம் வகுப்பு மகள், ஆறாம் வகுப்பு மகன், அப்பாவைப் பெற்ற பாட்டி. ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து பதினாறு வயதுப் பெண் ஆகஸ்டில் வருகிறாள். விண்ணப்பத்தில் சைவம் என்று குறித்திருக்கிறாள். கடிதத்தை எழுதுவது அம்மா. அவர் அனுப்பப்போவது ஆங்கிலத்தில்தான். நான் அதன் பகுதிகளைத் தமிழில், அந்தந்த இடத்திலேயே தருகிறேன். சேர்த்து எடுத்தால் முழுக் கடிதம் கிடைத்துவிடும்.

எழுதும் முன்: விண்ணப்பத்தைப் படியுங்கள், வீட்டில் பேசி முடியுங்கள்

மாணவியின் விண்ணப்பம் திட்டப் பொறுப்பாளர் வழியாக உங்களுக்கு வரும். அதில் அவள் தன்னைப் பற்றி எழுதிய கடிதம், பெற்றோரின் கடிதம், புகைப்படங்கள், உடல்நிலை, ஒவ்வாமை, உணவு எல்லாம் இருக்கும். உணவு, ஒவ்வாமைப் பகுதியைச் சமைப்பவர் கட்டாயம் பார்க்க வேண்டும். எள் ஒவ்வாமை என்று எழுதியிருந்தால் நம் வீட்டு நல்லெண்ணெயும் இட்லிப் பொடியும் அதில் அடங்கும். வேர்க்கடலை என்றால் பாதிச் சட்னிகள் போய்விடும். இதைக் கடிதம் எழுதும் நாளில் கண்டுபிடித்தால் மாற்றிக்கொள்ள அவகாசம் இருக்கிறது.

அடுத்து வீட்டுக்குள் பேச்சு. பாட்டி இல்லாமல் இந்தப் பேச்சு நடக்கக் கூடாது. நிறைய வீடுகளில் அப்பாவும் அம்மாவும் "எல்லாம் அனுசரிச்சுப் போகலாம்" என்று முடிவெடுத்து எழுதிவிடுவார்கள். வந்த இரண்டாம் வாரம் பூஜை அறை வாசலில் பாட்டி கையை நீட்டித் தடுக்கும்போதுதான் முடிவு எதுவும் எடுக்கவில்லை என்று தெரியும். கடிதத்துக்கு முன் தீர்க்க வேண்டியவை நான்கைந்துதான்: எந்த அறை, யாருடன், குளியலறை நேரம், அசைவம் சமைக்கும் நாளில் அவளுக்கு என்ன, மாதவிடாய் நாட்களில் இந்த வீட்டில் ஏதாவது விலக்கு உண்டா, உண்டென்றால் அது இவளுக்கும் பொருந்துமா, வீட்டுக்கு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும்.

மாதவிடாய் விஷயத்தில் என் தீர்மானம் இது: பேசி முடிவெடுங்கள், ஆனால் கடிதத்தில் எழுதாதீர்கள். பூஜை அறைக்குள் போகக் கூடாது என்பது அவளுக்குப் புது விஷயம். காகிதத்தில் படித்தால் அவமதிப்பாகத் தெரியும். வந்த முதல் வாரத்தில் அம்மாவோ மகளோ தனியாக, "நாங்கள் இப்படிச் செய்கிறோம், காரணம் இது, உன்னிடம் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்" என்று நேரில் சொல்வதே சரி. தனியே உட்கார வைப்பது, தட்டைப் பிரித்து வைப்பது போன்றவற்றை வேறு வீட்டுப் பிள்ளைமேல் சுமத்தவே கூடாது. பாட்டி இதற்கு ஒப்பவில்லை என்றால் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது. நாப்கினை எங்கே போடுவது என்பதை மட்டும் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

கடிதத்தின் தொடக்கம்: யார் யார், எப்படிக் கூப்பிடுவது

முதல் பத்தியில் அவளுடைய விண்ணப்பத்திலிருந்து ஒரு விஷயத்தைத் தொட்டுப் பேசுங்கள். படித்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு உடனே தெரிய வேண்டும். பிறகு வீட்டில் இருப்பவர்கள். பட்டம், பதவி, சங்கத்தில் வகித்த பொறுப்பு எல்லாம் வேண்டாம். ஒவ்வொருவரும் நாள் முழுக்க எங்கே இருப்பார், அவளோடு என்ன மொழியில் பேசுவார் என்பதுதான் அவளுக்கு உதவும்.

கூப்பிடும் முறையை நீங்களே சொல்லிவிட வேண்டும். ஜெர்மன் பிள்ளைகள் நண்பர்களின் பெற்றோரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது சகஜம். சொல்லாவிட்டால் அவள் அதைச் செய்வாள், பாட்டிக்கு முகம் சுருங்கும், அவளுக்குக் காரணம் புரியாது. "அம்மா, அப்பா என்றே கூப்பிடு" என்று கட்டளையிடுவதும் சரியில்லை. அவளுக்கு ஊரில் ஓர் அம்மா இருக்கிறார், இந்தக் கடிதத்தை அவரும் படிப்பார்.

> அன்புள்ள ……,
>
> நீ எழுதிய கடிதத்தை நாங்கள் எல்லோரும் படித்தோம். நீ செல்லோ வாசிப்பதாக எழுதியிருந்தாய். செல்லோவைக் கொண்டு வர முடியாது என்று தெரியும். எங்கள் தெருவில் வயலின் சொல்லித் தரும் ஓர் ஆசிரியை இருக்கிறார். உனக்கு விருப்பமிருந்தால் வந்த பிறகு போய்ப் பார்ப்போம்.
>
> வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நான் வங்கியில் வேலை பார்க்கிறேன், மாலை ஆறரைக்கு வருவேன். என் கணவர் கடை வைத்திருக்கிறார், இரவு ஒன்பதுக்குத்தான் வருவார். மகளுக்கு வயது 15, மகனுக்கு 11. இருவரும் ஆங்கிலம் பேசுவார்கள். முதல் வாரம் வெட்கப்படுவார்கள். பாட்டி நாள் முழுக்க வீட்டில் இருப்பார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் உன்னோடு தமிழில் பேசிக்கொண்டே இருப்பார். புரியாவிட்டாலும் அவருக்குக் கவலையில்லை.
>
> என்னை ஆன்ட்டி என்றும் என் கணவரை அங்கிள் என்றும் கூப்பிடு. பாட்டியைப் பாட்டி என்றே கூப்பிடு. இங்கே பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. உன் பெயரை எப்படி உச்சரிப்பது என்று வாய்ஸ் மெசேஜில் பதிந்து அனுப்பு. நாங்களும் எங்கள் பெயர்களைப் பதிந்து அனுப்புகிறோம்.

வயலின் வரியில் "விருப்பமிருந்தால் போய்ப் பார்ப்போம்" என்பதோடு நிறுத்தியிருப்பதைக் கவனியுங்கள். "உன்னைக் கொடைக்கானல் கூட்டிப்போவோம், கன்னியாகுமரி கூட்டிப்போவோம்" என்று எழுதுவது நமக்குப் பேச்சுவாக்கு. அவள் அதை ஒப்புக்கொண்ட நிகழ்ச்சியாக நாட்காட்டியில் குறித்துக்கொள்வாள். டிசம்பரில் "எப்போது போகிறோம்?" என்று கேட்பாள். டிக்கெட் எடுத்தபின் சொல்லிக்கொள்ளலாம்.

அறையும் குளியலறையும்

இந்தப் பகுதிதான் கடிதத்தின் உயிர். இதற்கு வெட்கப்பட்டால் மீதிக் கடிதம் வீண்.

தனிக் கட்டில் கட்டாயம். அறையைப் பகிர்வதென்றால் ஏறக்குறைய ஒத்த வயதுடைய, அதே பாலினப் பிள்ளையோடுதான். கதவு விஷயத்தையும் எழுதுங்கள். நம் வீடுகளில் பகலில் அறைக் கதவு திறந்தே கிடக்கும், யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து அலமாரியில் எதையாவது தேடுவார்கள். கதவைச் சாத்தினால் "என்ன கோபம்?" என்போம். ஜெர்மன் வீடுகளில் அறைக் கதவைச் சாத்திக்கொள்வது இயல்பு, தட்டிவிட்டுத்தான் நுழைவார்கள். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து முதல் மாதத்தில் எத்தனை மனத்தாங்கல் கிளம்பும் என்பது ஹோஸ்ட் குடும்பங்களோடு பழகியவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுப்பதை எழுத்திலேயே வைத்துவிடுங்கள்.

குளியலறையில் சொல்ல வேண்டியவை: மேற்கத்தியக் கழிப்பறையா, தண்ணீர்க் குழாய்தானா, டிஷ்யூ பேப்பர் இருக்குமா, ஷவரா வாளியா, கீசர் எப்போது போடுவது. டிஷ்யூ பேப்பரை உள்ளே போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும் வீடென்றால் அதையும் எழுதுங்கள். அடைத்த பிறகு சொல்வது அவளுக்கு எவ்வளவு கூச்சம் என்று யோசித்துப் பாருங்கள்.

> மகளின் அறையில் உனக்குத் தனிக் கட்டில், பூட்டுடன் ஓர் அலமாரி, ஒரு மேசை. சாவி உன்னிடம் இருக்கும். அறையில் ஏசி உண்டு, இரவில் மட்டும் போடுவோம். நீ வரும்போது பகலில் 36, 37 டிகிரி வெயில் இருக்கும். கதவைச் சாத்திக்கொள்ளலாம், தட்டிவிட்டு வரும்படி எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பாட்டி மட்டும் மறந்துவிடுவார். அவர் வந்தால் கோபித்துக்கொள்ளாதே, என்னிடம் சொல். எங்கள் வீட்டில் மாலை நேரம் எல்லோரும் கூடத்தில் இருப்போம். நீயும் அப்போது எங்களோடு இருந்தால் மகிழ்வோம்.
>
> குளியலறையை உன்னோடு இரு பிள்ளைகளும் பயன்படுத்துவார்கள். உள்தாழ்ப்பாள் இருக்கிறது. பள்ளி நாட்களில் உன் நேரம் காலை 6.30 முதல் 6.50 வரை. ஷவர் உண்டு, தண்ணீர் குறைவான நாட்களில் வாளியில் பிடித்துக் குவளையால் மொண்டு குளிப்போம், மகள் காட்டித் தருவாள். கழிப்பறை உங்கள் ஊரில் உள்ளது போன்றதுதான். பக்கத்தில் சிறு குழாய் இருக்கும், நாங்கள் தண்ணீரால்தான் சுத்தம் செய்கிறோம். உனக்காக டிஷ்யூ பேப்பரும் வைத்திருப்போம். பேப்பர், நாப்கின் எதையும் கழிப்பறைக்குள் போடாமல் மூடியுள்ள கூடையில் போடு. நாப்கின் இங்கே எல்லாக் கடைகளிலும் கிடைக்கும்.
>
> அழுக்குத் துணிக்கு உன் அறையில் கூடை இருக்கும். வாஷிங் மெஷினில் நான் துவைப்பேன். உள்ளாடையை எங்கள் வீட்டில் அவரவர் துவைத்துக்கொள்வோம், காயப்போட மாடியில் தனிக் கொடி இருக்கிறது.

சாப்பாடு

ஐரோப்பாவில் சைவம் என்பவர்கள் பலரும் முட்டை சாப்பிடுவார்கள். சிலர் முட்டையும் பாலும் தொடமாட்டார்கள். விண்ணப்பத்தில் ஒற்றைச் சொல்லில் இருப்பதை நம்பி அலமாரியை நிரப்பாதீர்கள், பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

அசைவம் சமைக்கும் வீட்டில் சைவப் பிள்ளை என்றால் ஒரு சிக்கல் நிச்சயம். "துண்டை எடுத்துட்டேன், குழம்பை மட்டும் ஊத்திக்கோ" என்று யாராவது அன்போடு சொல்வார்கள். அவளுக்கு அது சாப்பிட முடியாத பொருள். மறுத்தால் மரியாதைக் குறைவோ என்று பயந்து பட்டினி கிடப்பாள். ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன ஏற்பாடு என்பதைக் கடிதத்திலேயே சொல்லுங்கள். நேர் எதிர் நிலையும் உண்டு: சைவ வீட்டுக்கு இறைச்சி சாப்பிடும் பிள்ளை வருவது. அப்போது "வெளியே சாப்பிடலாம், வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்" என்பது போல எல்லையை ஒரே வரியில் எழுதினால் போதும். பத்து மாதமும் சைவம்தான் என்பது தெரிந்தே அவள் புறப்பட வேண்டும்.

சாப்பாட்டு நேரமும் முக்கியம். ஜெர்மனியில் பல வீடுகளில் மாலை ஆறு, ஏழுக்கே ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். நம் வீட்டில் எட்டரை, ஒன்பது. நடுவில் பசிக்கும் பிள்ளைக்கு எதை, எங்கே எடுத்துக்கொள்ளலாம் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். "எது வேணும்னாலும் எடுத்துக்கோ" என்றால் எதையும் எடுக்க மாட்டாள்.

இன்னொன்று நம் பரிமாறும் பழக்கம். நாம் "போதும்" என்பதைக் கேட்டு நிறுத்துவதில்லை. அவளோ ஒரு முறை சொன்னால் முடிந்தது என்று நினைப்பாள், தட்டில் விழுந்ததை மீதம் வைக்கவும் கூசுவாள். முதல் வாரத்தில் வயிறு கெடுவதற்குக் காரம் மட்டும் காரணமில்லை.

> நீ சைவம் என்று படித்தோம். முட்டை, பால், தயிர், நெய் சாப்பிடுவாயா? ஒவ்வொன்றாகச் சொல். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டுக்கறியோ மீனோ சமைப்போம். அன்று உனக்குத் தனிப் பாத்திரத்தில் சாம்பாரும் பொரியலும் இருக்கும். கறிக் கரண்டி அதில் படாது. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை எங்களுக்குப் புரட்டாசி மாதம், அப்போது நாங்களும் கறி சாப்பிட மாட்டோம். அந்த ஒரு மாதம் எல்லோரும் உன் கட்சி.
>
> காலை 7.15க்கு இட்லி, தோசை போன்றவை, மதியம் பள்ளிக்குக் கட்டித் தரும் சாப்பாடு, மாலை ஐந்துக்கு டீயும் ஏதாவது தின்பண்டமும், இரவு 8.30க்குச் சாப்பாடு. இடையில் பசித்தால் சமையலறை மேசைமேல் இருக்கும் வாழைப்பழம், ரொட்டி, பிஸ்கட் உன்னுடையவை, கேட்க வேண்டியதில்லை. சாப்பாடு உனக்குக் காரமாக இருக்கும். முதல் சில நாட்கள் உனக்கு எடுத்து வைத்த பிறகு மிளகாய் சேர்ப்போம், தயிர் எப்போதும் மேசையில் இருக்கும். நாங்கள் வலது கையால் சாப்பிடுகிறோம். உனக்கு ஸ்பூன் வைப்போம், இரண்டும் சரிதான். பாட்டி பரிமாறும்போது வேண்டாம் என்றால் தட்டின் மேல் கையை வைத்து மறைத்துவிடு. வாயால் சொல்வது அவர் காதில் விழாது.
>
> குழாய்த் தண்ணீரைக் குடிக்காதே. பல் தேய்க்கவும் குடிக்கவும் சமையலறையில் உள்ள கேன் தண்ணீரைப் பயன்படுத்து.

விமான நிலையமும் முதல் மூன்று நாட்களும்

இரண்டு விவரங்களை இங்கே தவறவிடக் கூடாது. இந்திய விமான நிலையங்களில் டிக்கெட் இல்லாதவர்கள் பொதுவாகக் கட்டடத்துக்குள் வர முடியாது. ஐரோப்பாவில் பெட்டி எடுத்து வெளியே வரும் கூடத்திலேயே உறவினர்கள் காத்திருப்பார்கள். அங்கே உங்களைக் காணாமல் அவள் பதறுவாள். எந்த வாசலுக்கு வெளியே, என்ன அடையாளத்தோடு நிற்பீர்கள் என்று எழுதுங்கள். இரண்டாவது தேதி. ஐரோப்பாவிலிருந்து சென்னைக்கு வரும் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டி இறங்கும். '9ஆம் தேதி 00.30' என்றால் 8ஆம் தேதி இரவே நீங்கள் சென்னையில் இருக்க வேண்டும். கிழமையையும் சேர்த்து எழுதி அவளிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். தேதியை 08/09 என்று எழுதாமல் மாதத்தின் பெயரை எழுதுங்கள்.

விமான நிலைய வைஃபை ஓடிபி கேட்கும், அதை நம்பி இறங்கக் கூடாது. முகவரி, பின்கோடு, இரண்டு தொலைபேசி எண்கள் எல்லாவற்றையும் தனித் தாளில் அச்சிட்டுக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். இந்தியாவில் தங்கும் முகவரியைக் குடிவரவுப் பிரிவிலும் கேட்பார்கள்.

சட்டப்படி உங்களுக்கும் வேலை உண்டு. வெளிநாட்டவர் தங்க வந்த 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை இணையம் வழி பதிய வேண்டியது தங்க வைக்கும் குடும்பத்தின் பொறுப்பு. சி ஃபார்ம் என்று பலரும் சொல்வது இதைத்தான். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், இதுவும் இணையம் வழிதான். இதற்காக முதல் நாளே பாஸ்போர்ட்டைக் கேட்பீர்கள். காரணம் தெரியாத பிள்ளை பயப்படும், பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்காதே என்று சொல்லித்தான் பெற்றோர் அனுப்பியிருப்பார்கள்.

> உன் விமானம் ஆகஸ்ட் 9 ஞாயிறு அதிகாலை 00.30க்குச் சென்னையில் இறங்குகிறது. சரிதானா? நானும் என் கணவரும் மகளும் வருவோம். எங்களால் கட்டடத்துக்குள் வர முடியாது. கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே, கம்பித் தடுப்புக்குப் பின்னால், உன் பெயர் எழுதிய மஞ்சள் அட்டையோடு நிற்போம். வெளியே கூட்டமாக இருக்கும், பெட்டியைத் தூக்குகிறேன் என்று யாராவது வரலாம். எங்களைப் பார்க்கும் வரை யாரிடமும் கொடுக்காதே. எங்களைக் காணாவிட்டால் கதவுக்கு உள்ளேயே நின்று போன் செய். இத்துடன் இணைத்த முகவரித் தாளை அச்சிட்டுக் கையில் வை.
>
> அன்று இரவு சென்னையில் தங்கி, காலையில் ரயிலில் மதுரைக்கு வருவோம். திங்கட்கிழமை முழுக்கத் தூங்கு. செவ்வாய் மதியம் நீ, நான், மகள் மூவரும் உட்கார்ந்து வீட்டு விஷயங்களைப் பேசுவோம். பள்ளி அதற்கடுத்த திங்கள்தான். சீருடை இங்கேதான் தைப்போம்.
>
> நீ வந்ததை அரசுக்குத் தெரிவிக்க வேண்டியது எங்கள் கடமை. பாஸ்போர்ட்டையும் விசாவையும் படம் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தந்துவிடுவேன். பாஸ்போர்ட் உன் அலமாரியிலேயே இருக்கும்.

உறவினர்களை வரவழைத்து முதல் ஞாயிறே விருந்து வைக்கும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். தூக்கம் கெட்ட பிள்ளையை இருபது பேர் சுற்றி நின்று செல்ஃபி எடுப்பது அவளுக்கு வரவேற்பாகத் தெரியாது.

பணம், போன், கொண்டுவர வேண்டியவை

இது சுருக்கமாக இருந்தால் போதும். திட்டத்தின் விதிகளை (வண்டி ஓட்டக் கூடாது, மது, போதைப்பொருள் கூடாது போன்றவை) நீங்கள் திரும்ப எழுத வேண்டாம். அவற்றில் அவளும் பெற்றோரும் ஏற்கெனவே கையெழுத்திட்டிருக்கிறார்கள், உங்கள் கடிதத்தில் வந்தால் மிரட்டலாகத் தெரியும். உங்கள் வீட்டின் வழக்கம் மட்டும் இங்கே வரட்டும். ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சேருங்கள்: மின்சிகரெட் இந்தியாவில் 2019 முதல் சட்டப்படி தடை செய்யப்பட்டது. ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் தெரியாது.

> தங்குவதும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. போன் ரீசார்ஜும் உனக்கென்று வாங்கும் பொருட்களும் உன் செலவு. மாதப் பாக்கெட் மணி பற்றி ரோட்டரித் திட்டத்தில் உனக்கென்று இருக்கும் ஆலோசகர் சொல்வார். சிம் கார்டு வாங்க, வந்ததும் கடைக்குப் போவோம். இரவு பத்துக்கு மேல் எங்கள் வீட்டில் எல்லோரும் போனைக் கூடத்தில் வைத்துவிடுவோம், நீயும். வீட்டோடு பேச ஞாயிறு மாலை 6.30 வசதியாக இருக்கும், அப்போது உங்கள் ஊரில் மதியம் மூன்று மணி. உங்கள் குளிர்காலத்தில் இரண்டு மணி.
>
> மெல்லிய பருத்தி உடை, முழங்காலை மறைக்கும் கால்சட்டை அல்லது பாவாடை, எளிதில் கழற்றக்கூடிய செருப்பு கொண்டு வா. வீட்டுக்குள் செருப்புப் போடுவதில்லை. மாத்திரை எடுப்பதாக இருந்தால் மருத்துவர் சீட்டின் நகலோடு கொண்டு வா. மின்சாரம் உங்கள் ஊர் போலவே 230 வோல்ட்தான், பிளக் அடாப்டர் ஒன்று போதும். மின்சிகரெட் இங்கே சட்ட விரோதம். எங்களுக்குப் பரிசு வாங்கிச் சுமக்காதே. உன் ஊர், பள்ளி, வீட்டுப் படங்களைக் கொண்டு வா, பாட்டி கேட்டிருக்கிறார்.

முடிவுப் பத்தி: மூன்றாவது ஒருவரின் எண்ணும், மூன்று கேள்விகளும்

உங்கள் வீட்டில் இல்லாத ஒருவரின் தொடர்பு கடிதத்தில் இருந்தே ஆக வேண்டும். ரோட்டரித் திட்டத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆலோசகர் உண்டு, அவர் ஹோஸ்ட் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. மாணவிக்குப் பெண் ஆலோசகராக அமைந்தால் நல்லது. "எங்களைப் பற்றியே குறையென்றாலும் அவரிடம் சொல்லலாம்" என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். சிலருக்கு இது தங்கள் வீட்டைத் தாங்களே சந்தேகிப்பது போலப் படும். ஹனோவரில் இதைப் படிக்கும் அம்மாவுக்கு மொத்தக் கடிதத்திலும் நிம்மதி தரும் வரி இதுதான்.

கடைசியில் 'ஆம், இல்லை' என்று பதில் சொல்ல முடியாத கேள்விகளாக மூன்று கேளுங்கள். இல்லாவிட்டால் "நன்றி, ஆவலோடு காத்திருக்கிறேன்" என்று ஒரு வரிப் பதில் வரும். அதிலிருந்து உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

> உன் ஆலோசகரின் எண் முகவரித் தாளில் இருக்கிறது. எதைப் பற்றியும், எங்களைப் பற்றியே குறையாக இருந்தாலும், நீ அவரோடு பேசலாம். நாங்கள் தவறாக நினைக்க மாட்டோம்.
>
> மூன்று கேள்விகள். பள்ளி நாளில் காலை எழுந்ததிலிருந்து கிளம்பும் வரை உன் வீட்டில் என்ன நடக்கும்? உனக்கு மனம் சரியில்லாதபோது தனியாக விட வேண்டுமா, யாராவது பக்கத்தில் உட்கார வேண்டுமா? இங்கே வருவதில் எதை நினைத்தால் உனக்குப் பயமாக இருக்கிறது?
>
> அன்புடன்,
> ஆன்ட்டி, அங்கிள், பாட்டி, தங்கை, தம்பி

எப்படி எழுதுவது, எப்போது அனுப்புவது

குடும்பம் உறுதியானதும், புறப்படும் நாளுக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்னால் அனுப்புங்கள். அதற்குப் பிந்தினால் அவள் பெட்டி கட்டி முடித்திருப்பாள். ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள். அது அவளுக்கும் இரண்டாம் மொழி. "டிபன்", "அவுட் ஆஃப் ஸ்டேஷன்" போன்றவை நம் ஊர் ஆங்கிலம், அவளுக்குப் புரியாது. எழுதி முடித்ததும் மகளைப் படிக்கச் சொல்லுங்கள். அந்த வயதுப் பிள்ளைக்கு எது சங்கடம், எது உபதேசமாகத் தெரிகிறது என்பதை அவள்தான் சொல்வாள். எங்கே கண்ணை உருட்டுகிறாளோ அந்த வரியை எடுத்துவிடலாம்.

படங்கள் ஐந்தாறு போதும்: எல்லோரும் சேர்ந்திருப்பது ஒன்று, அவள் கட்டில், குளியலறை, சாப்பாட்டு மேசை, தெருவிலிருந்து வீட்டு வாசல். ஸ்டுடியோவில் பட்டுப்புடவையோடு எடுத்ததை விடச் சாதாரண நாளில் எடுத்ததே அவளுக்கு உதவும். கடிதத்தை மாணவிக்கும் பெற்றோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி, திட்டப் பொறுப்பாளருக்கும் நகல் வையுங்கள். அவள் பெயரையும் படத்தையும் போட்டு "எங்கள் ஜெர்மன் மகள் வருகிறாள்" என்று முகநூலில் பதிவிட வேண்டாம். வயது வராத பிள்ளை, விமான நாள் உட்பட எல்லாம் ஊருக்குத் தெரிந்துவிடும்.

பதில் வந்த பிறகு

பத்து நாளில் பதில் வராவிட்டால் கோபித்துக்கொள்ளாமல் ஒரு சின்ன வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். பெரும்பாலும் என்ன எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டிருப்பாள். பெற்றோர் மட்டும் பதில் எழுதி, மாணவியிடமிருந்து ஒன்றும் இல்லையென்றால் மகளை விட்டுப் பேசச் சொல்லுங்கள். பெரியவர்களிடம் எழுதாததைச் சமவயதுப் பிள்ளையிடம் சொல்வாள். மூன்றாவது கேள்விக்கு "ஒன்றுமில்லை" என்று வந்தால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வந்தபின் திரும்பக் கேளுங்கள்.

பதிலில் கிடைத்ததைக் கடிதத்தில் திருத்தி ஒரு நகலை அச்சிட்டு, வைஃபை பாஸ்வேர்டோடு அவள் மேசையில் வையுங்கள். செவ்வாய்க்கிழமைப் பேச்சுக்கு அதுவே நிகழ்ச்சி நிரல். குளியலறை நேரம் ஒத்துவருகிறதா, போன் விதி சரியா என்று வரிவரியாகப் போகலாம். ஒத்துவராததை அடித்துவிட்டு அவள் கையாலேயே புதிதாக எழுதச் சொல்லுங்கள்.

ரோட்டரியின் ஓராண்டுத் திட்டத்தில் பொதுவாக ஒரே வீட்டில் முழு ஆண்டும் இருப்பதில்லை, மூன்று நான்கு மாதத்தில் அடுத்த குடும்பத்துக்கு மாறுவாள். நீங்கள் இரண்டாவது அல்லது மூன்றாவது குடும்பம் என்றால் மேலே சொன்னதில் பாதி தேவையில்லை. வாளியும் மிளகாயும் அவளுக்குப் பழகியிருக்கும். முந்தைய வீட்டிலிருந்து உங்கள் வீடு எதில் மாறுகிறது என்பதை மட்டும் அரைப் பக்கத்தில் எழுதுங்கள்: திரும்ப வேண்டிய நேரம், சாப்பாடு, கூப்பிடும் முறை, பள்ளிக்குப் போகும் வழி. அந்த வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள். நன்றாக இருந்தது என்றுதான் எழுதுவாள், வேறு என்ன எழுத முடியும்?